முன்பெயரும் பின்பெயரும் அதிகாலை நாலரை மணியும்

முன்பெயர் என்றால் முன்னால் வருகிற பெயர்தானே?

இந்தக் கேள்விக்கு யோசனையின்றி "ஆம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது எங்கள் குடும்பத்தின் எட்டு வாரங்களை விழுங்கிவிட்டது. முப்பத்துநான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஸ்தானத்தின் கர்வத்தில், ஜேர்மன் மொழியும் ஆங்கிலத்தின் ஒன்றுவிட்ட சகோதரிதானே, பார்த்தால் விளங்காமலா போய்விடும் என்று துணிந்து இறங்கியதன் பலனை நான் அநுபவித்ததோடு நில்லாமல், யாதொரு பாவமும் அறியாத என் மருமகளும் சேர்ந்து அநுபவிக்கும்படி ஆயிற்று. (மருமகள் என்றால் என் தங்கையின் மகள். ஜெயந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், மெய்ப்பெயர் அதுவல்ல.)

விஷயம் இதுதான். ஜெயந்திக்கு சென்ற வருஷம் மார்கழிக்கு முன் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இருப்பது ஜேர்மன் மொழி வழங்கும் ஒரு நாட்டிலே. எந்த நாடு என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் தூதரகத்தின்மேல் குறை ஒன்றுமில்லை; குறையெல்லாம் என்மேல்தான், ஆகவே அவர்களை ஏன் சந்திக்கு இழுப்பான்? புருஷனிடம் போய்ச் சேருவதற்கான விசாவுக்குக் கொழும்பிலுள்ள தூதரகத்தில் நேரில் தோன்ற வேண்டும். தோன்றுவதற்கு முன் இணையத்தில் ஒரு நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு முகவரியை அனுப்பினார். அதைத் தொட்டவுடன் திரை முழுவதும் ஜேர்மன் பாஷையிலே திறந்தது.

முதற்படி, விசாவின் வகையைத் தெரிந்தெடுப்பது. அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழெட்டு வரிகள், ஒவ்வொன்றும் ரயில் வண்டித் தொடரைப்போல நீண்ட ஒற்றைச் சொல். Familienzusammenführung என்று ஒன்று. Ehegattennachzug என்று இன்னொன்று. சமஸ்கிருதத்தில் சமாசங்களையும் தமிழில் தொகைகளையும் பிரித்துப் பழகிய நமக்கு இந்த மொழியைக் கண்டு பயப்பட நியாயமில்லை. எங்கே வெட்டுவது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. முதற்சொல்லில் Familie என்பது குடும்பம், zusammen என்பது ஒன்றாக, Führung என்பது இட்டுச் செல்வது. குடும்பத்தை ஒன்றுசேர்த்தல் என்று ஆயிற்று. இரண்டாவதில் Ehe விவாகம், Gatte துணைவர், nach பின், Zug என்றால்... இங்கேதான் நான் தடுக்கினேன். அகராதியில் பார்த்தேன்; "ரயில்" என்று போட்டிருந்தது.

பின்னால் வருகிற ரயில்!

இதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெயந்தி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமா, Zug எண்டால் ரெயிலும்தான். இழுக்கிறது, போறது எண்டும் ஒரு கருத்து இருக்கு. இது, துணைவருக்குப் பின்னாலை போறது." அப்பொழுதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அந்தப் பெண் ஏ-1 என்னும் முதற்படிச் சான்றிதழுக்காக ஐந்து மாதம் ஜேர்மன் படித்துப் பரீட்சை பாஸ் செய்தவள். வீட்டிலேயே தண்ணீர்க் கிணறு இருக்க, நான் அகராதியென்னும் ஆற்றுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். "நீ போய்ப் படு பிள்ளை, நான் பார்க்கிறன்" என்று அவளை அனுப்பிவிட்டேன்.

வகையைப் பற்றி ஒரு வார்த்தை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறு நாட்களுக்கு உட்பட்ட வருகைக்கு ஒரு வரிசை, அதற்கு மேற்பட்டு அங்கேயே தங்கப்போகிறவர்களுக்கு வேறொரு வரிசை. இரண்டுக்கும் நேரங்கள் தனித்தனி. முதல் வரிசையில் நேரங்கள் தாராளமாகக் கிடந்தன. புருஷனைப் பார்க்கப் போவதும் ஒரு வருகைதானே, இதிலே ஒன்றை எடுத்து உள்ளே போய்விட்டால் பிறகு சொல்லிச் சமாளிக்கலாமே என்று ஒரு சபலம் எனக்கும் தட்டியது. மாப்பிள்ளை தடுத்தார். அந்த ஜன்னலில் இருக்கும் உத்தியோகஸ்தர் அந்த வகைப் பத்திரங்களை மட்டுமே வாங்குவார்; வேறு வகைக்காரர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். காலியாகக் கிடக்கிற வரிசையைக் கண்டால், அது நமக்கானதல்ல என்பதற்கு அதுவே பெரும்பாலும் அடையாளம்.

வகையைத் தெரிந்து Weiter என்பதை அழுத்தினால் (மேலே செல்க என்று பொருள், இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்) ஒரு சித்திரம் தோன்றும். ஆறு எழுத்துக்கள், குடித்துவிட்டு வரிசையில் நிற்பவர்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, ஊடே கோடுகளும் புள்ளிகளுமாக. அதைப் பார்த்துக் கீழே உள்ள பெட்டியில் தட்டச்சிட வேண்டும். கேப்சா என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சிலர் 2003இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பெயரை விளக்கி வைத்தார்கள். நேரங்களை மொத்தமாக அள்ளுவதற்கென்று எழுதப்பட்ட கணினி நிரல்களை வாசலிலே நிறுத்துவதுதான் இதன் உத்தேசம். அந்த நிரல்களை அது நிறுத்தியதோ இல்லையோ, என்னை நிறுத்திவிட்டது.

மூன்று நாள் தொடர்ந்து, நான் எதைத் தட்டினாலும் தவறு என்றே பதில். 0 எழுத்தா பூச்சியமா, 1 எண்ணா எல் என்ற எழுத்தா, 5ஆ எஸ்ஸா என்ற சந்தேகங்கள் எல்லோருக்கும் வருவன. சந்தேகம் வந்தால் சித்திரத்தை மாற்று என்று பக்கத்திலே ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்த அபராதமில்லை, தெளிவான ஒன்று வரும்வரை நாலைந்து தரம் மாற்றிக்கொள்ளலாம். அதையும் செய்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஐயத்துக்கு இடமேயில்லாத y7bzc2 என்ற ஒன்றைத் தட்டினேன், தவறு என்றது. என் கண்ணின்மேல் எனக்கிருந்த நம்பிக்கையே போய்விட்டது.

நான்காம் நாள் காரணம் தெரிந்தது. மின்னஞ்சலைத் திறந்து மாப்பிள்ளைக்கு எழுதலாமென்று முகவரியைத் தட்டினேன், @ வரவேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறி " வந்து உட்கார்ந்தது. திரையின் வலது கீழ் மூலையில், மணிக்குப் பக்கத்தில், DEU என்று மூன்றெழுத்து. ஜெயந்தி படிப்புக்காக அந்த மடிக்கணினியில் ஜேர்மன் விசைப்பலகையைச் சேர்த்து வைத்திருந்தாள். என் விரல் எப்போதோ தவறிப்போய் அதை விழிக்கச் செய்துவிட்டது. ஜேர்மன் விசைப்பலகையிலே y இருக்கவேண்டிய இடத்தில் z, z இருக்கவேண்டிய இடத்தில் y. நானோ ஒற்றை விரலால், திரையைப் பாராமல் விசையையே பார்த்துத் தட்டுகிற பழைய காலத்து மனுஷன். மூன்று நாளும் நான் y என்று அழுத்தியதெல்லாம் z என்றே போயிருக்கிறது. ஜெயந்தியின் பெயரை ஒரு வெறுந்தாளில் தட்டிப் பார்த்தேன்: Jezanthz என்று வந்தது. விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் விசைப்பலகை மாறும். மாற்றினேன். முதல் தடவையிலேயே கதவு திறந்தது.

திறந்த கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"தற்போது நேரங்கள் எவையும் இல்லை, புதிய நேரங்கள் அவ்வப்போது திறக்கப்படும்" என்ற கருத்தில் இரண்டு வரி. அந்த "அவ்வப்போது" எப்போது? இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் இருக்க வேண்டும் என்று அநுமானித்து ஒரு வாரம் பன்னிரண்டு மணிவரை விழித்திருந்தேன். பிறகு மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, பன்னிரண்டு மணிதான். ஆனா இஞ்சத்தைப் பன்னிரண்டு." எங்கள் அநுபவத்தில் அவர் சொன்னதே சரியாயிருந்தது, கொழும்பிலே தூதரகம் இருந்தாலும் அந்தப் பக்கம் இயங்கும் கணினி இருப்பது ஐரோப்பாவிலே, அதன் கடிகாரமே அதற்குப் பிரமாணம். குளிர்காலத்தில் அங்கே நள்ளிரவென்றால் இங்கே விடியப்புறம் நாலரை. அன்று தொடங்கி எங்கள் ஒழுங்கையில் சேவலை எழுப்புகிற உத்தியோகம் எனக்கு.

நாலேகாலுக்கே எழுந்து, தேநீரோடு உட்கார்ந்து, கேப்சாவைத் தட்டி வைத்துக்கொண்டு நாலரைக்காகக் காத்திருந்தேன். நாலரைக்குப் பக்கத்தைப் புதுப்பித்தால் Die Sitzung ist abgelaufen என்றது. நான் உட்கார்ந்திருந்த இருக்கை காலாவதியாகிவிட்டதாம். கேப்சாவுக்கு ஆயுள் சில நிமிஷங்களே. நாலு இருபத்தெட்டுக்குத் தட்டினால் போதும். முன்கூட்டிப் போவது நல்லது என்று மாணவர்களுக்கு எத்தனை வருஷம் உபதேசித்திருப்பேன்!

(இடையிலே, குரோம் உலாவி தானாகவே "இந்தப் பக்கத்தைத் தமிழில் மொழிபெயர்க்கவா?" என்று கேட்டது. சந்தோஷமாகச் சம்மதித்தேன். ஜேர்மன்காரரின் நாட்காட்டி நமதைப்போல ஞாயிறில் தொடங்காது, திங்களில் தொடங்கும். Mo, Di, Mi, Do, Fr, Sa, So என்று இரண்டெழுத்துத் தலைப்புகள். மொழிபெயர்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமையின் தலைப்பில் "எனவே" என்று நின்றது. நிறுத்திவிட்டேன்.)

பெப்ரவரி 20ஆம் தேதி விடியப்புறம், நாலு முப்பத்தொன்றுக்கு, மார்ச் 27ஆம் தேதிக் கட்டத்திலே எழுத்து நிறம் மாறி நின்றது. கை நடுங்கியது. அழுத்தினேன். படிவம் திறந்தது.

இனித்தான் முன்பெயர்.

படிவத்தின் முதற்பெட்டி Nachname. இரண்டாவது Vorname. nach என்றால் பின் என்பதை அந்த ரயில் விவகாரத்திலேயே கற்றிருந்தேன். Vor என்றால் முன். ஆக, ஒன்று பின்பெயர், மற்றது முன்பெயர். எங்கள் வழக்கத்தில் முன்னால் வருவது எது? தகப்பன் பெயர். சி. ஜெயந்தி என்றால் 'சி' முன்னால், ஜெயந்தி பின்னால். சிவபாதம் என்பதை முன்பெயரிலும் ஜெயந்தி என்பதைப் பின்பெயரிலும் வெகு தெளிவோடு தட்டினேன். இதிலே தர்க்கத் தவறு ஏதேனும் உண்டா சொல்லுங்கள்! தர்க்கம் சரியே, தேசந்தான் வேறு. அவர்களிடம் நமக்கிட்ட பெயர் முன்னாலும் குடும்பப் பெயர் பின்னாலும் வருவதால் அவை அப்பெயர் பெற்றன. நமக்கோ அந்த ஒழுங்கு தலைகீழ். தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு முன், பின் என்று யோசிப்பதே அபாயம். கடவுச்சீட்டை எடுத்து மேசைமேல் விரித்து, அதில் Surname என்ற வரியில் எது அச்சிடப்பட்டிருக்கிறதோ அதை Nachname பெட்டியிலும், Other Names வரியில் உள்ளதை Vorname பெட்டியிலும், எழுத்துக்கு எழுத்து அப்படியே இட வேண்டும். அதற்கு மேல் அர்த்தம் பார்க்கக் கூடாது. கல்யாணமாகிவிட்டதே என்று புருஷன் பெயரையும் போடக் கூடாது; கடவுச்சீட்டில் இன்னும் தகப்பன் பெயரே இருக்கிறது.

அதை நான் தெரிந்துகொண்டது காலை எட்டு மணிக்கு. பதிவு செய்த விவரங்களைப் பின்னர் திருத்த இயலாது, அவை கடவுச்சீட்டோடு ஒத்திருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. மாப்பிள்ளை அதை வாசித்துக் காட்டினார். அந்த நேரத்தை ரத்துச் செய்துவிட்டு, சரியான பெயரோடு அதே நேரத்தை உடனே மறுபடி எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. ரத்துச் செய்தேன். அடுத்த நிமிஷம் உள்ளே போய்ப் பார்த்தால் மார்ச் 27 இல்லை. (தூதரகத்து வாசலில் மாறிய பெயரை மன்னித்து உள்ளே விட்டிருப்பார்களோ என்னவோ? இன்றைக்கும் சில இராத்திரிகளில் இந்தக் கேள்வி வருகிறது.)

ஜெயந்தி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வருத்தமாயிருந்தது.

அதன் பிறகு ஐந்து வாரங்கள் நாலரை மணி விழிப்பு. அந்த நாட்களில் பட்டணத்து ஏஜென்சிக்காரர் ஒருவர், நேரம் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னார். அந்தப் பக்கத்திலே நேரம் குறிப்பதற்குக் காசு கிடையாது. விசாக் கட்டணம் கட்டுவது ஜன்னலில். காசு கொடுத்தால் அவரும் நம்மைப்போல நாலரைக்குத்தான் உட்காரப்போகிறார், அதுவும் நம்முடைய பெயரை அவர் இஷ்டம்போல எழுத்துக்கூட்டிக்கொண்டு. அந்தத் தவறைச் செய்ய நானே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 31, திங்கட்கிழமை, வழக்கம்போல நாலு இருபத்தெட்டுக்கு உள்ளே போனேன். ஏப்ரல் மாதத்து நாட்களெல்லாம் மங்கிக் கிடந்தன. அதாவது, திறந்து, நிரம்பி, முடிந்துபோயிருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளைக்கு எழுதினேன். அவர் தலையிலே கைவைத்துக்கொண்ட படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பிறகு விளக்கினார். மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவிலே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். 2025இல் அது மார்ச் 30. அந்த ஞாயிறு முடிந்து வருகிற நள்ளிரவு நமக்கு நாலரையல்ல, மூன்றரை. நமது கடிகாரம் அசையவேயில்லை, ஆனால் ஒரு மணி நேரம் காணாமற் போயிற்று! ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று அதைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அதற்குள் யார் காத்திருப்பது?

அன்று மாலை ஜெயந்தி என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, இனி நானும் உங்களோடை எழும்பிறன். நீங்கள் தட்டுங்கோ, நான் வாசிக்கிறன்."

இந்த ஏற்பாடு முதலிலேயே நடந்திருக்க வேண்டியது. அவள் முதலிலே செய்த காரியம், ஒரு வெறும் எழுத்துக் கோப்பைத் திறந்து, படிவம் கேட்கும் விவரங்களையெல்லாம் அது கேட்கும் வரிசையிலேயே வரிக்கு ஒன்றாக எழுதி வைத்ததுதான். பெயர் இரண்டும் கடவுச்சீட்டில் உள்ளபடி; மின்னஞ்சல்; கடவுச்சீட்டு எண்; பிறந்த தேதி. தேதிப் பெட்டியில் TT.MM.JJJJ என்று மங்கலாக எழுதியிருக்கும். Tag நாள், Monat மாதம், Jahr வருஷம், நடுவிலே புள்ளிதான், சாய்கோடு இட்டால் ஏற்காது. ஏன் இத்தனை முன்னேற்பாடு என்றால், நேரத்தை அழுத்திவிட்டாலே அது நமதாகிவிட்டது என்ற பிரமை எனக்கிருந்தது போல் பலருக்கும் இருக்கிறது. அப்படியில்லை. நாம் படிவத்தில் பிறந்த ஊரை யோசித்துக்கொண்டிருக்கும்பொழுது, அதே நேரத்தை அழுத்திய இன்னொருவர் நமக்கு முன்பாகப் படிவத்தைச் செலுத்திவிட்டால் அது அவருக்கே. கடையில் சேலையைக் கையில் எடுத்தால் மட்டும் போதுமா, காசாளரிடம் போய்ச் சேர வேண்டாமா?

ஏப்ரல் 16, புதன்கிழமை. புத்தாண்டுப் பலகாரம் இன்னும் தகரத்தில் இருந்தது. மூன்று இருபத்தெட்டுக்குக் கேப்சா. மூன்று முப்பதுக்கு ஒன்றுமில்லை. புதுப்பித்தேன், மறுபடி கேப்சா. மூன்று முப்பத்தொன்றுக்கு மே மாதம் திறந்தது.

"Do மாமா, Do. இருபத்திரண்டு. வியாழக்கிழமை."

அழுத்தினேன். அந்த நாளின்கீழ் மூன்று நேரங்கள். 09:30 Uhr என்பதை எடுத்தோம். (Uhr என்றால் மணி. எழுத்திலே இருபத்துநான்கு மணிக் கணக்காதலால் குழப்பமில்லை, பேச்சிலேதான் வில்லங்கம். அன்றைக்கே மாப்பிள்ளை தொலைபேசியில் "halb zehn" என்றார். பாதிப் பத்து. நான் பத்தரை என்று எடுத்துக்கொண்டேன். "இல்லை மாமா, ஒன்பதரை" என்றாள் ஜெயந்தி. நாம் ஒன்பதைக் கடந்து அரை வந்தோம் என்று திரும்பிப் பார்த்துச் சொல்கிறோம். அவர்கள் பத்தை நோக்கிப் பாதி வந்தோம் என்று முன்னே பார்த்துச் சொல்கிறார்கள். என் பேச்சை நம்பியிருந்தால் ஒரு மணி நேரம் பிந்திப் போய் நின்றிருப்போம்.)

ஒவ்வொரு வரியாக எடுத்து ஒட்டினேன். கடைசியில் மறுபடியும் ஒரு கேப்சா. படிவத்தின் அடியிலும் ஒன்று காத்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அதன்கீழ் இரண்டு பொத்தான்கள், அக்கம்பக்கமாக: Absenden, Abbrechen. இரண்டும் Ab என்றே தொடங்குகின்றன. முன்னது அனுப்புவது, பின்னது முறித்துவிடுவது. என் விரல் எதன்மேல் போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"உது இல்லை மாமா! கையை எடுங்கோ!"

எடுத்தேன். மற்றதை அழுத்தினேன். சக்கரம் சுழன்றது. பிறகு ஒரு பக்கம் வந்தது; வாசிக்கவும் மனமில்லாமல் நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் அவதானமாகச் சொல்ல வேண்டும். அதிலே Bestätigung என்ற சொல் இருந்தது. உறுதிப்படுத்தல் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கண்டவுடன் நான் எழுந்துவிட்டேன். ஜெயந்தி எழும்பவில்லை. எங்கள் ஒழுங்கையிலே ஒரு பையன், ஐந்தாறு மாதத்துக்கு முன், Bestätigung என்று தலைப்பிட்ட ஒரு தாளை எடுத்துக்கொண்டு இராத்திரி பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வாசற்காவலரோடு பேசிவிட்டு மறு பஸ்ஸில் திரும்பி வந்தான். அவனிடம் இருந்தது Registrierungsbestätigung. பதிவு செய்துகொண்டதற்கான உறுதி. சில தூதரகங்களில் சில வகை விசாக்களுக்கு முதலில் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டு, முறை வரும்பொழுது நாளை அவர்களே மின்னஞ்சலில் தெரிவிப்பார்கள். நமக்கு வேண்டியது Terminbestätigung. Termin என்பதுதான் குறித்த நேரம். சொற்கள் குழப்பினால் சொல்லை விட்டுவிடுங்கள். அந்தத் தாளில் இன்ன தேதி, இன்ன மணி என்று எண்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். எண்கள் இல்லையென்றால், எத்தனை முத்திரை இருந்தாலும், அது பட்டியலில் இடம் மாத்திரமே.

எங்களுடையதில் 22.05.2025 என்றும் 09:30 Uhr என்றும் இருந்தன. மேலே ஒரு நீண்ட குறிப்பெண். பெயர்கள் தத்தம் இடத்தில். ஜெயந்தி திரையைப் படம் பிடித்தாள், பி.டி.எஃப். ஆகச் சேமித்தாள், அது போதாதென்று கைத்தொலைபேசியாலும் ஒரு படம் எடுத்தாள். பின்செல்லும் பொத்தானை அழுத்தியோ பக்கத்தைப் புதுப்பித்தோ இருந்தால் அந்தப் பக்கம் மறுபடி வந்திராது. மின்னஞ்சல் வருமென்று நம்பலாம். ஆனால் எங்களுக்கு வந்த மின்னஞ்சல் ஒரு மணி நேரமாகக் கண்ணில் படவில்லை. குப்பை அஞ்சல் பெட்டியிலே, லொத்தர் பரிசு விழுந்ததாக ஒருவர் எழுதிய கடிதத்துக்கும் கடன் தருவதாக இன்னொருவர் எழுதிய கடிதத்துக்கும் நடுவிலே, அது அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை கேட்டார்: "மாமா, நீங்கள் முழுக்க ஜேர்மனிலையே செய்தனீங்களோ? அந்த முகவரியின்ரை கடைசியிலை பாருங்கோ."

பார்த்தேன். நீண்ட முகவரியின் வாலில் இப்படி இருந்தது:

```
request_locale=de
```

அந்த de என்பதை en என்று மாற்றி அழுத்தினேன். Weiter இருந்த இடத்தில் ஆங்கிலம். பெட்டிகளின் பெயரெல்லாம் ஆங்கிலம். Surname என்றே எழுதியிருந்தது! அவருடைய கணினி ஜேர்மன் மொழியிலே இருந்ததால் அவர் அனுப்பிய முகவரியும் ஜேர்மனிலேயே திறந்திருக்கிறது. (விசா வகைகளின் பட்டியலும் மின்னஞ்சலும் அப்பொழுதும் ஜேர்மன்தான் என்பதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி.) முப்பத்துநான்கு வருஷம் ஆங்கிலம் படிப்பித்தவன் இதை ஜெயந்திக்குச் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அவள் அறியப்போகிறாள்.

மே 22ஆம் தேதி எட்டரை மணிக்கே வாசலில் நின்றோம். காவலர் தாளை வாங்கி, பட்டியலில் விரலை ஓட்டி, சிவபாதம் என்று குடும்பப் பெயரால் கூப்பிட்டார். நான் அவள் தகப்பனைத் தேடித் திரும்பிப் பார்த்தேன், பிறகு அது அவளைத்தான் என்று உறைத்தது. ஒன்பதரைக்கு அவள் உள்ளே போனாள்.

உங்களில் எவருக்கேனும் இப்படி ஒரு நேரம் கிடைத்தால், தயவுசெய்து ஒன்று மட்டும் கேளுங்கள். எங்களுக்கு வந்த அந்த மின்னஞ்சலின் அடியிலே நீல நிறத்தில் ஒரே ஒரு சுட்டி இருந்தது. "இதை அழுத்தி உறுதிப்படுத்துக" என்று வருகிற கடிதங்களுக்குப் பழகிப்போன கை தானாகவே அதன்மேல் போயிற்று. ஜெயந்தி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அதற்கு மேலே இருந்த சொல் stornieren. ரத்துச் செய்வதற்கான சுட்டி அது. அதை அழுத்தாதீர்கள்.